ஓட்டத்துக்கு மார்க் போடும்போது எதை எதால் வகுப்பது?

ஒரு ஓட்டம் உடம்புக்கு எவ்வளவு சுமை கொடுத்தது என்று வாட்ச் இல்லாமலே கணக்குப் போடலாம். முதலில் உங்கள் த்ரெஷோல்ட் பேஸ் தெரிய வேண்டும், அதாவது முழு முயற்சியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம். அந்த வேகத்தில் 1 மணி நேரம் ஓடினால் 100 மார்க்.

அது கிலோமீட்டருக்கு 5:00 நிமிடம், அதாவது 300 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இன்று 6:15-ல், அதாவது 375 விநாடியில், 75 நிமிடம் நிதானமாக ஓடினீர்கள். 300 ÷ 375 = 0.8, அதன் வர்க்கம் 0.64, அதை 1.25 மணி நேரத்தால் பெருக்கி 100-ஆல் பெருக்கினால் 80.

பலர் சறுக்கும் இடம் அந்த வகுத்தல்தான். பேஸில் எண் கூடினால் வேகம் குறைவு, அதனால் த்ரெஷோல்ட் மேலே, இன்றைய பேஸ் கீழே. தலைகீழாகப் போட்டால் இதே ஓட்டத்துக்கு 195 வரும்! மெதுவாக ஓட ஓட மார்க் ஏறினால், எக்செல் ஷீட்டில் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இன்டர்வல் ஓடினால் மொத்த சராசரியைப் போடாதீர்கள், வர்க்கம் எடுப்பதால் வேகமான பகுதியின் சுமை அதில் அமுங்கிவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். அப்புறம், மேடும் வெயிலும் இந்தக் கணக்குக்குத் தெரியாது, மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறினாலும் மார்க் குறைவாகத்தான் காட்டும்.