கொடுத்த காசைக் கேட்பது மெசேஜிலா, கோலிலா?

வெள்ளவத்தையில் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு அனெக்ஸ் எடுத்திருந்தார்கள், ஒருவன் வேலை மாறிக் கண்டிக்குப் போய்விட்டான், போகும்போது இரண்டு மாத வாடகைப் பங்கு 40,000 ரூபாய் நின்றுவிட்டது என்று வையுங்கள். வீட்டுக்காரருக்கு மற்றவன்தான் கட்டினான். இப்போது கேட்க வேண்டும்.

இங்கே பலரும் விடும் பிழை, முழுக் கதையையும் டைப் பண்ணுவது. "மச்சான், நானும் எவ்வளவு நாள் பார்த்தன்" என்று தொடங்கி ஆறு பந்தி. எழுதுகிறவருக்கு அது ஆறுதல்தான், ஆனால் அவன் அதை மூன்றாம் வரியிலேயே கோபப்பட்டு மூடிவிடலாம், இல்லையென்றால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறு ஆளுக்கு அனுப்பலாம். வட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் இருக்கிறது; அழித்தாலும் அழித்த அடையாளம் அங்கேயே கிடக்கும், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும்.

தொகை, திகதி, கணக்கு இலக்கம் எல்லாம் மெசேஜில் போகட்டும். ஏன் தரவில்லை, எப்போது தரலாம் என்பது கோலுக்குரியது. அவனிடம் காசு இல்லையா, மறந்துவிட்டானா, அல்லது தண்ணீர் மோட்டார் திருத்தத் தான் கொடுத்ததைக் கழித்துக்கொண்டானா? அவன் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் உங்கள் அடுத்த வசனமே வரும் என்றால், அதை முன்கூட்டியே எழுதி அனுப்ப முடியாது.

அதற்காகத் திடீரென்று கோல் எடுப்பதும் சரியில்லை, பக்கத்து மேசையில் ஆள் இருந்தால் அவன் "ம்ம், சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். வெறுமனே "கொஞ்சம் கதைக்கணும்" என்று போடுவது அதைவிட மோசம், யாருக்கு என்ன ஆச்சோ என்று மனுஷன் பதறுவான். விஷயம், நேரம் இரண்டையும் சொல்லுங்கள்: "மச்சான், வாடகைக் காசு 40,000 பற்றிக் கதைக்க வேணும். சண்டைக்கில்லை, பத்து நிமிடம் போதும். இன்றைக்கு இரவு எட்டுக்குப் பிறகு எடுக்கவா, நாளைக்கா?"

ஏற்கனவே மெசேஜில் தொடங்கிவிட்டீர்களா? ஒரே விஷயத்தை இரண்டாம் தரம் விளங்கப்படுத்துகிறீர்கள், அவன் டைப்பிங் என்று வந்து வந்து நிற்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். "எழுத்தில் பிழையாய் விளங்குது, எடுக்கட்டா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு குத்தல் வரி போட்டால் அவன் எடுக்கவே மாட்டான். வொய்ஸ் அனுப்பி இரண்டுக்கும் நடுவே நிற்கலாம் என்று நினைக்காதீர்கள், அதில் இடையில் மறித்துக் கேட்க அவனுக்கு வழியில்லை, ஸ்பீக்கரில் போட்டால் வீடே கேட்கும்.

கதைத்து முடிந்ததும் அன்றிரவே ஒரு வரி: "கதைத்தபடி 25ஆம் திகதி 20,000, அடுத்த மாதம் 25இல் மிச்சம். பிழையென்றால் சொல்லு." இதை விடுவதால்தான் பிறகு "நான் அப்படிச் சொல்லேல்லையே" வருகிறது. கோலில் கத்துகிற ஆள், அல்லது சொன்னதை முன்பே ஒருதரம் மறுத்த ஆள் என்றால் மட்டும் கோலுக்கே போகாமல் எழுத்திலேயே, சுருக்கமாக, நில்லுங்கள்.