கட்டி ஆறியும் சீழ் நிற்கவில்லை: பௌத்திரம்

ஆசனவாய் அருகே வந்த சீழ்க்கட்டியைக் கீறிவிட்ட பிறகு எனக்கு வலி போய்விட்டது. ஆனால் அதே இடம் சிறு பரு போல மூடிக்கொள்ளும், இரண்டு மூன்று வாரத்தில் வீங்கி வலிக்கும், உடைந்து சீழ் வடிந்ததும் வலி குறையும். இந்தச் சுழற்சிதான் பௌத்திரத்தின் அடையாளம். பலர் இதை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆசனவாயின் உட்சுவரில் சிறு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடித்தால் கட்டியாகிறது. கட்டி வடிந்த பிறகும் உள்துளையிலிருந்து தோல்வரை ஒரு குழாய்ப்பாதை தங்கிவிடலாம், அதுதான் பௌத்திரம். உள்ளிருந்து கிருமி வந்துகொண்டே இருப்பதால் ஆன்டிபயாடிக் மாத்திரை அதை மூடாது. எனக்கும் மூடவில்லை.

எம்ஆர்ஐ எடுத்ததில் பாதை, மலத்தை அடக்கும் சுருக்குத்தசையின் அடிப்பகுதியை மட்டுமே தொட்டது தெரிந்தது. அதனால் பாதையை நீளவாக்கில் திறந்துவிட்டார்கள். புண்ணைத் தைக்கவில்லை, அடியிலிருந்து மேலே ஆற வேண்டும், தோல் முந்தி மூடினால் மறுபடி சீழ் தேங்கும். தினமும் இருமுறையும் மலம் கழித்த பின்பும் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தேன். ஆற ஆறு வாரம் ஆனது.

பாதை தசையின் பெரும்பகுதியைக் கடந்தால் இப்படித் திறக்கக் கூடாது, மலத்தை அடக்கும் திறன் போய்விடலாம். அப்போது முதலில் செட்டான் என்ற நூலைப் பாதைக்குள் விட்டு, சீழ் தேங்காமல் வடிய வைப்பார்கள். காய்ச்சலோடு வீக்கம் ஏறினால் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.