வெபினார் தொடங்கும்போது என்ன சொல்வது? ரெக்கார்டிங், சாட், கேள்வி மூன்றுக்கும் ஒன்றரை நிமிடம்

காரைக்குடியில் இருந்து மாதம் இரண்டு வெபினாராவது நடத்திக் கொடுக்கிறேன். பார்ப்பவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள். நம் ஊரில் இரவு 7 மணி என்றால் அவர்களுக்கு 9:30. சாப்பிட்டு முடித்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய சில்லறை விஷயங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் கெடுத்த ஒரு நிகழ்ச்சியில் இருந்தே தொடங்குகிறேன். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது பற்றிய வெபினார். தொடக்கத்தில் "இந்த நிகழ்ச்சி ரெக்கார்ட் செய்யப்படுகிறது" என்று ஒரு வரி சொன்னேன், அவ்வளவுதான். கடைசியில் பினாங்கில் இருந்து ஒரு ஆச்சி கை தூக்கினார். மைக்கைத் திறந்துவிட்டேன். வீட்டின் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓடு இறங்குகிறது என்று ஆரம்பித்தவர், பங்கு வீட்டைப் பழுது பார்க்க எந்தப் பங்காளி காசு தர மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மறுநாள் காலையில் ரெக்கார்டிங் லிங்க் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மதியத்துக்குள் அந்தப் பங்காளியே கேட்டுவிட்டார். சாயங்காலம் ஆச்சியின் மகன் எனக்குப் போன் செய்து கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். ஆச்சி உள்ளே வந்தது 7:12-க்கு, நான் அறிவித்தது 7:02-க்கு. அறிவிப்பு காதில் விழுந்திருந்தாலும், ரெக்கார்டிங் யார் கைக்குப் போகும் என்று நான் சொல்லவே இல்லையே.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தொடக்கத்தில் பேசும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பட்டனோ செட்டிங்கோ இருக்க வேண்டும். முதலில் அதை மாற்றி வைப்பேன், அப்புறம்தான் வரியை எழுதுவேன். இங்கே சொல்வது ஜூம் வெபினாரை வைத்து. வேறு செயலி என்றால் பட்டன்களின் பெயர் மாறும், வரிசை மாறாது.

முதல் நாள் இரவு: செட்டிங்

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். நீங்கள் போட்டிருப்பது Webinar-ஆ, Meeting-ஆ? வெபினாரில் பார்வையாளருக்கு மைக், கேமரா இரண்டும் கிடையாது. நீங்கள் அனுமதித்தால்தான் பேச முடியும். என் முதல் வெபினாரில் இது தெரியாமல் "தயவுசெய்து எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்றேன். உடனே சாட்டில் வரிசையாக "மைக் எங்கே இருக்கு?", "எனக்கு பட்டனே வரலையே". ஐந்து நிமிடம் அதிலேயே போயிற்று. இல்லாத பட்டனைப் பற்றிப் பேசினால் இதுதான் நடக்கும்.

அடுத்து Q&A. அதில் பெயர் சொல்லாமல் கேள்வி கேட்க அனுமதி தரும் செட்டிங் இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். நம் பக்கத்தில் வீடு, பங்கு, பணம் என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் கேட்பவர் யார் என்பது தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடும். பெயர் இல்லாவிட்டால் கேள்வி கூசாமல் வரும்.

மூன்றாவது, ரெக்கார்டிங்கோடு சாட்டும் சேமிக்கப்படுமா, பேசுபவரின் பெயர் படத்தில் விழுமா என்று ஜூம் இணையதளத்தின் Settings-ல், Recording பகுதியில் பாருங்கள். நீங்கள் சொல்லப்போகும் வரி இந்தப் பதிலைப் பொறுத்தது. சாட் சேமிக்கப்படும் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, வீட்டில் யாரையாவது போனில் பார்வையாளராக உள்ளே வரச் சொல்லி, அவர்கள் திரையை நேரில் பாருங்கள். கணினியில் கீழ் வரிசையில் தெரியும் Q&A, போனில் சில சமயம் More-க்குள் ஒளிந்திருக்கும். திரையைத் தட்டும்வரை எந்தப் பட்டனுமே தெரியாது. "கீழே பாருங்க" என்று மட்டும் சொன்னால் போனில் இருப்பவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

சொல்லும் வரிகள்

சிமென்ட்டில் வார்த்த ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய தரையைப் பராமரிப்பது பற்றி நான் நடத்திய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். பேச வந்தவர் கல் வார்க்கும் ஒருவர். 7:00-க்குத் திறந்து, மூன்று நிமிடம் தலைப்புப் படத்தைக் காட்டிவிட்டு, 7:03-க்கு நான் பேசியது இப்படி:

"எல்லாருக்கும் வணக்கம். ஐயா பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லிடறேன்.

இன்னும் ரெக்கார்டிங் ஆரம்பிக்கலை. இன்னும் ஒரு நிமிஷத்துல ஆரம்பிக்கப் போறோம். பேர் பதிவு செஞ்சவங்க எல்லாருக்கும் நாளைக்கு லிங்க் வரும், அவங்க வேற யாருக்கும் அனுப்பலாம், அதைத் தடுக்க எங்களால முடியாது. உங்க முகம் அதுல வராது. ஆனா நீங்க கை தூக்கிப் பேசினா உங்க குரலும் பேரும் வரும். சாட்ல எல்லாருக்கும் எழுதறதும் சேமிக்கப்படும்.

சாட் வணக்கம் சொல்லவும், சத்தம் கேக்கலைன்னா சொல்லவும் மட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க எழுதறது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வியை Q&A-ல எழுதுங்க. போன்ல இருக்கறவங்க திரையை ஒரு தட்டு தட்டுங்க, தெரியலைன்னா More-க்குள்ள பாருங்க. பேர் வேண்டாம்னா பேர் இல்லாம அனுப்பலாம், நாங்களும் பேரைப் படிக்க மாட்டோம். 7:45-க்கு மேல கேள்விகளை எடுத்துக்கறோம்.

இப்ப ரெக்கார்டிங் போடறேன்."

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடம் தாண்டும், ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு மேல் நீட்ட வேண்டாம். வரவேற்புரையும் நன்றியுரையும் சேர்ந்து பத்து நிமிடம் போவது நம் ஊர்க் கல்யாண மேடைக்குச் சரி. இங்கே பாதிப் பேர் வெளியே போய்விடுவார்கள்.

ஏன் இந்த வரிசை

ரெக்கார்டிங் அறிவிப்பை Record பட்டனை அமுக்குவதற்கு முன்னால் சொல்வது முக்கியம். அமுக்கிவிட்டுச் சொன்னால், வேண்டாம் என்று நினைப்பவர் ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பார். ஜூம் தானாகவே ரெக்கார்டிங் ஆரம்பித்ததாக ஆங்கிலத்தில் ஒரு குரல் கொடுக்கும், திரையில் ஒரு அறிவிப்பும் வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். யாருக்கு லிங்க் போகும் என்பது அதில் இருக்காது, ஆங்கிலம் தெரியாதவர் அதைப் படிக்காமலே தட்டி மூடிவிடுவார்.

பட்டனை அமுக்கி அந்தக் குரல் வந்ததும், ஒரே ஒரு வரி மறுபடியும்: "ரெக்கார்டிங் ஆரம்பிச்சாச்சு. பேசினா பதிவாகும், பேர் இல்லாம Q&A-ல எழுதலாம்." இது ரெக்கார்டிங்கிலேயே விழும். பிறகு யாராவது "எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்றால் இந்த வரி உங்களைக் காப்பாற்றும். திரையின் மூலையில் ரெக்கார்டிங் அடையாளம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குரலும் வரவில்லை, அடையாளமும் இல்லை என்றால் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

சாட் ஏன் ஐந்து நிமிடம் மட்டும்

முழு நேரமும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவன் சொல்கிறேன். "வணக்கம், கோலாலம்பூரில் இருந்து" என்று ஒருவர் எழுதுவார். "நாங்களும் கேஎல்தான், நீங்க எந்தக் கோயில்?" என்று இன்னொருவர். "இளையாத்தங்குடி." "நாங்களும்! எந்தப் பிரிவு?" நம் பக்கத்தில் கோயிலும் பிரிவும் தெரிந்தால் உறவு பிடிபட்டுவிடும், அப்புறம் யார் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தோம் என்பதுவரை போகும். கல் வார்ப்பவர் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், ஒருவரும் கேட்கமாட்டார். உறவு கண்டுபிடிப்பதைக் குறை சொல்லவில்லை, அதற்காகத்தான் முதல் ஐந்து நிமிடம். 7:08-க்கு சாட் செட்டிங்கை Host and panelists என்று மாற்றிவிடுவேன். நடுவிலேயே மாற்றலாம், யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. "சத்தம் வரலை" என்ற செய்தி மட்டும் எங்களுக்கு வந்து சேரும்.

தாமதமாக வருபவர்கள்

இந்த இடத்தில்தான் எனக்கு அடி விழுந்தது. பின்னால் உள்ளே வருபவருக்கு, பொதுவாக முன்பு சாட்டில் போட்டது தெரியாது. அதனால் ரெக்கார்டிங் வரியை ஒரு நோட்பேடில் வைத்துக்கொண்டு, 7:10-க்கும் 7:20-க்கும் மறுபடி சாட்டில் ஒட்டுகிறேன். வாயால் இன்னொரு முறை சொல்வது கேள்வி நேரம் தொடங்கும் முன்: "கை தூக்கிப் பேசறவங்க குரல் ரெக்கார்ட் ஆகும். சொந்த விவரம் இருந்தா எழுத்துல கேளுங்க." யாருக்காவது மைக் கொடுக்கும்போது அவரிடம் நேராகவே கேட்டுவிடுவேன்: "ஆச்சி, இது பதிவாகுது, பேசலாமா?" இரண்டு விநாடி வேலை.

கேள்விகளை எடுப்பது

Q&A-வைப் பார்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். தொகுத்துப் பேசுபவரே கேள்வியையும் படித்தால் இரண்டும் கெடும். அந்த ஆளிடம் முன்பே சொல்லி வையுங்கள்: பெயரைப் படிக்கக் கூடாது, ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும், வாயால் பதில் சொல்லப் போவதை Answer live என்று குறிக்க வேண்டும். நேரம், லிங்க் போன்ற சின்னக் கேள்விகளுக்கு எழுத்திலேயே பதில் கொடுத்துவிடலாம்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது. "எங்க வீட்டுத் தரை போச்சு, என்ன பண்றது?" என்று வந்தால் பேசுபவரால் ஒன்றும் சொல்ல முடியாது. "வளவுல கல் வெளுத்துப் போச்சு, ஆசிட் ஊத்திக் கழுவினோம், திரும்ப நிறம் வருமா?" என்றால் உடனே பிடித்துக்கொள்வார், ஏனென்றால் சிமென்ட் கல்லை ஆசிட் அரிக்கும். அதனால் "எந்த இடம், என்ன ஆச்சு, இதுவரை என்ன செஞ்சீங்க, இதை எழுதுங்க" என்று சொல்கிறேன்.

7:55-க்கு மிச்சமிருக்கும் கேள்விகளுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். பதில் எழுதி அனுப்புவீர்கள் என்றால் எந்த நாளுக்குள் என்று சொல்லுங்கள், அனுப்பப் போவதில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். பெயரில்லாமல் வந்த கேள்விக்குத் தனியாகப் பதில் அனுப்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பலருக்கு அது தோன்றாது.

8 மணிக்கு ரெக்கார்டிங்கை நிறுத்துகிறேன். நின்றதாகக் குரல் வந்த பிறகு, "ரெக்கார்டிங் நிறுத்தியாச்சு, இன்னும் பத்து நிமிஷம் இருப்போம், பேச நினைக்கறவங்க கை தூக்குங்க" என்கிறேன். ஆத்தங்குடிக் கல் நிகழ்ச்சியில் அதுவரை ஒரு கையும் எழவில்லை. அந்த வரியைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழு கைகள் மேலே.