லாட், டிக்: சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பெரும்பாலான பங்குகளை நூறு நூறாகத்தான் வாங்கவும் விற்கவும் முடியும்; அந்த நூறுதான் ஒரு லாட். விலையும் நம் விருப்பப்படி நகர்வதில்லை. 20 காசுக்குக் கீழ் உள்ள பங்கின் விலை 0.1 காசு வீதமும், 20 காசு முதல் 1 வெள்ளிக்குச் சற்றுக் கீழ் வரை 0.5 காசு வீதமும், 1 வெள்ளியிலிருந்து 1 காசு வீதமும் நகரும். இந்தக் குறைந்தபட்ச நகர்வே டிக் எனப்படுகிறது.

சிறு முதலீட்டாளர் பலர் செய்யும் பெரிய தவறு, டிக் சிறியதாக இருந்தால் செலவும் சிறியது என்று எண்ணுவதுதான். ஒரு பங்கை 2 காசுக்கு வாங்க ஆளிருக்கிறது, 2.1 காசுக்கு விற்க ஆளிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காத்திருக்கப் பொறுமையில்லாத ஒருவர் 2.1 காசுக்கு 50,000 பங்குகளை 1,050 வெள்ளி கொடுத்து வாங்கிவிட்டு, மறுநிமிடமே மனம் மாறி 2 காசுக்கு விற்றால், அவர் கைக்குத் திரும்புவது 1,000 வெள்ளிதான். விலை ஒரே ஒரு டிக் இடைவெளியில் நின்றபோதும், கட்டணங்களைச் சேர்க்காமலேயே 50 வெள்ளி போய்விட்டது. அதே 1,050 வெள்ளிக்கு 1.05 வெள்ளிப் பங்கில் 1,000 வாங்கி 1.04-இல் விற்றிருந்தால் இழப்பு 10 வெள்ளி. ஆகவே டிக் எத்தனை காசு என்று பார்ப்பதைவிட, அது விலையில் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பதே முறை. 3 விழுக்காடு இறங்கினால் விற்றுவிடுவேன் என்ற கட்டுப்பாட்டை 2 காசுப் பங்கில் கடைப்பிடிக்க வழியே இல்லை, ஏனெனில் அதற்கு அடுத்த கீழ்ப்படி 1.9 காசு, அதாவது 5 விழுக்காடு இறக்கம்.

விலை வரம்புகளின் விளிம்பில் இது இன்னும் விசித்திரமாகிறது. சரியாக 20 காசில் நிற்கும் பங்கு ஒரு படி இறங்கினால் 19.9 காசாகிறது, ஒரு படி ஏறினாலோ 20.5 காசாகிவிடுகிறது. இறக்கம் அரை விழுக்காடு, ஏற்றம் இரண்டரை விழுக்காடு. அங்கே 20.5 காசு கொடுத்து அவசரமாக வாங்குபவர், இரண்டரை விழுக்காட்டு இடைவெளியைத் தாண்டித்தான் வாங்குகிறார் என்பதை உணர வேண்டும்.

பழைய அட்டவணையை நம்புவதும் ஒரு தவறு. 1 வெள்ளி முதல் 1.99 வெள்ளி வரையிலான பங்குகளுக்கு முன்பு 0.5 காசு டிக் இருந்தது. 2017 நவம்பரில் அது 1 காசாக உயர்த்தப்பட்டது. ஆகையால் இன்று 1.055 வெள்ளி என்று விலை குறித்து ஆணை கொடுத்தால் அது ஏற்கப்படாது.

லாட் 2015 ஜனவரியில் ஆயிரத்திலிருந்து நூறாகக் குறைந்தபோது 20 வெள்ளிப் பங்கை வாங்க 20,000 வெள்ளிக்குப் பதில் 2,000 வெள்ளி போதும் என்றானது. சிறு முதலீட்டாளர்களுக்கு அது நல்லதே. ஆனால் குறைவாக வாங்க முடிவதும் குறைவாக வாங்குவது கட்டுப்படியாவதும் ஒன்றல்ல. வாங்கும்போது 10 வெள்ளி, விற்கும்போது 10 வெள்ளி என்று குறைந்தபட்சத் தரகு இருப்பதாகக் கொண்டு, மற்ற சிறு கட்டணங்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 1.05 வெள்ளிக்கு 1,000 பங்குகள் வாங்கியவர் 1.07-இல் விற்றாலே போட்ட பணம் வந்துவிடும். 300 பங்குகள் வாங்கியவருக்கு 315 வெள்ளியுடன் 20 வெள்ளி சேர்ந்து, பங்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 1.117 வெள்ளி தேவைப்படுகிறது. அந்த விலையில் விற்க டிக் இடம் தராததால் அவர் 1.12 வரை, அதாவது ஏழு டிக் ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். போட்ட பணம் திரும்பிவரும் விலையான சமவிலையைக் கணக்கிடும்போது எப்போதும் அடுத்த டிக்குக்கு மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்.

இங்கிருந்தபடி ஹாங்காங் சந்தையில் வாங்குவோர், அங்கும் லாட் நூறுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு நிறுவனமும் தன் லாட் அளவைத் தானே வகுத்துக்கொள்கிறது; எச்எஸ்பிசி வங்கிப் பங்குக்கு அது 400. பங்கு விலை 100 ஹாங்காங் டாலர் என்றால் ஒரு லாட்டுக்கே 40,000 ஹாங்காங் டாலர் வேண்டும்.

கடைசியாக, சில்லறைப் பங்குகள். ரொக்கத்துக்குப் பதிலாகப் பங்காகத் தரப்படும் ஈவுத்தொகையால் கையில் 137 பங்குகள் சேர்ந்துவிட்டால், அவற்றை ஒரே ஆணையாக வழக்கமான சந்தையில் விற்க இயலாது. நூறு அங்கே போகும். மீதி 37 பங்குகளை, தனி ஆணைப் பட்டியலுடன் இயங்கும் தனிப்பங்குச் சந்தையில் விற்க வேண்டும். அங்கே வாங்குவோர் குறைவு. விலையும் முதன்மைச் சந்தையின் விலைக்கு இணையாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. இரண்டு ஆணைகளுக்கும் தனித்தனியே குறைந்தபட்சத் தரகு பிடிக்கப்பட்டால், மலிவான பங்கில் 37-ஐ விற்றுக் கிடைப்பதைத் தரகே விழுங்கிவிடக்கூடும். ஆகவே பங்காக ஈவுத்தொகை பெறச் சம்மதிப்பதற்கு முன்பே, சேரப்போகும் எண்ணிக்கை நூறின் மடங்காகிறதா என்றும், ஆகாவிட்டால் மீதியை விற்க என்ன செலவாகும் என்றும் தரகு நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.