பாய்வுப் படத்தைப் படிகளாக எழுதும்போது அம்புகளை எண்ணுங்கள்

ஸ்லைடில் உள்ள பாய்வுப் படத்தை எழுத்தாக்கும்போது பெரும்பாலும் தொலைவது 'இல்லை' என்று கிளம்பும் அம்புதான். 'ஆம்' பக்கமாகவே கண் ஓடிவிடும். அதனால் எழுதும் முன் ஒவ்வொரு பெட்டிக்கும், கேள்வி கேட்டுப் பாதை பிரியும் வைர வடிவக் கட்டத்துக்கும் எண் போடுங்கள். அப்புறம் வைரக் கட்டங்களிலிருந்து வெளியேறும் அம்புகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கட்டம் 'மேலாளர் ஒப்புதல்?' அதிலிருந்து மூன்று அம்புகள், ஒன்று புள்ளிக்கோடு. இப்படி எழுதலாம்:

3. மேலாளர் முடிவு செய்கிறார்.
3அ. ஒப்புதல் தந்தால், படி 4-க்குச் செல்லவும்.
3ஆ. மறுத்தால், காரணத்துடன் படி 1-க்குத் திரும்பவும்.
3இ. இரண்டு நாளில் பதில் இல்லையென்றால், துணை மேலாளருக்கு அனுப்பவும். அவர் முடிவுக்கும் 3அ, 3ஆ பொருந்தும்.

'இல்லையெனில் மேலே உள்ளபடி' என்று மட்டும் எழுதாதீர்கள், படி எண்ணையே சொல்லுங்கள். புள்ளிக்கோட்டையும் மூலையில் உள்ள சிறு குறிப்பையும் அலங்காரம் என்று தள்ளிவிட வேண்டாம். விதிவிலக்குகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முடித்ததும் கிளை வரிகளை எண்ணுங்கள். அம்புகளைவிட ஒன்று குறைந்தாலும் ஒரு கிளை விட்டுப்போயிருக்கிறது. சில படங்களில் 'இல்லை' அம்பே வரையப்பட்டிருக்காது. அங்கே நீங்களாக ஊகித்து நிரப்பாமல், படம் வரைந்தவரிடம் கேளுங்கள்.