கிரிப்டோ வாங்கும்போது கார்டு டிக்ளைன் ஆகிறதா? ஓடிபி வந்ததா என்று முதலில் பாருங்கள்

கீழக்கரையில் நமக்குத் தெரிந்த தம்பி ஒருத்தர், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 5,000 ரூபாய்க்கு பிட்காயின் வாங்க டெபிட் கார்டைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் டிக்ளைன். முதல் வேலை, மறுபடி மறுபடி அமுக்குவதை நிறுத்துங்கள். மோசடி என்று சந்தேகப்பட்டு வங்கி கார்டையே தற்காலிகமாக முடக்கிவிடலாம்.

அடுத்து, ஓடிபி வந்ததா? வருவதற்கு முன்னாலேயே மறுத்தால் பெரும்பாலும் கார்டு வகையோ செட்டிங்கோதான் காரணம். ரூபே கார்டு என்றால் நேரத்தை வீணாக்காதீர்கள், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் விசா, மாஸ்டர்கார்டு மட்டுமே வாங்கும். விசா கார்டுதான் என்றால் வங்கி ஆப்பில் கார்டு செட்டிங்கைத் திறங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டில் ஆன்லைன் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் அணைந்தேதான் வரும், நாம்தான் இயக்க வேண்டும்.

பலர் மாட்டுவது இங்கேதான். தம்பி வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏற்கெனவே இயக்கியிருந்தார், ஆனால் அதற்குக் கீழே தனியாக இருந்த ஆன்லைன் வரம்பு 0 என்றே கிடந்தது. சுவிட்ச் பச்சையாகத் தெரிவதால் யாரும் கீழே உருட்டிப் பார்ப்பதில்லை. வரம்பை 10,000 ஆக்கியதும் ஓடிபி வந்தது.

அப்புறமும் டிக்ளைன்! ஓடிபி சரியாகப் போட்ட பிறகு, கணக்கில் பணமும் இருந்து மறுத்தால், பெரும்பாலும் வங்கியின் கொள்கை. ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு வகைக் குறியீடு உண்டு, கிரிப்டோ வழக்கமாக 6051-இல் வரும். பல வங்கிகள் அந்தக் குறியீட்டையே மொத்தமாக அடைத்து வைத்திருக்கின்றன. திரையில் "Do not honour" என்று மட்டும் வரும், காரணம் சொல்லாது.

கஸ்டமர் கேரில் "பணம் ஏன் போகவில்லை" என்று கேட்காதீர்கள். "இந்த நேரத்துக் கோரிக்கை உங்களிடம் வந்ததா, வந்திருந்தால் எந்தக் காரணத்தால் மறுத்தீர்கள்" என்று கேளுங்கள். வரவேயில்லை என்றால் தடை எக்ஸ்சேஞ்ச் பக்கம். தம்பிக்கு வந்த பதில், அந்த வகைக்கு அனுமதியில்லை என்பதுதான். "ரிசர்வ் வங்கி தடை" என்று சொன்னால், கிரிப்டோவுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்ற அதன் 2018 சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அதை வங்கிகள் காரணமாகக் காட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் வங்கி சொந்த முடிவாக மறுக்கலாம், அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

என் விருப்பம்? கார்டையே விடுங்கள். மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்சில், உங்கள் பெயரிலேயே உள்ள கணக்கிலிருந்து வங்கிப் பரிமாற்றமாக ரூபாயைப் போட்டு வாங்குங்கள். பெயர் பொருந்தாவிட்டால் பணம் திரும்பிவிடும்.

பின்சேர்க்கை: தனுஷ்கோடிப் பக்கம் நின்று முயன்று ஓடிபியே வரவில்லை என்றார் ஒரு வாசகர். அங்கே போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் இல்லாவிட்டால் குறுஞ்செய்தி வராது. நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ராமேஸ்வரம் வந்து போடுங்கள்.