மீட்டிங்கில் முட்டிக்கொண்ட பிறகு எழுதும் முதல் மெயில்: ஆரம்பநிலையினருக்கான செய்முறை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பையரோடு பேசி ஆர்டரை நேரத்துக்கு முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசருக்குத் தேதிதான் கவலை, குவாலிட்டி மேனேஜருக்குச் சரக்குதான் கவலை. காலை மீட்டிங்கில், டி-ஷர்ட் துணியின் ஷேடும் கழுத்து ரிப்பின் ஷேடும் ஒத்துப்போகவில்லை, பேக்கிங்கை நிறுத்துங்கள் என்கிறார் குவாலிட்டி மேனேஜர். சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறாவிட்டால் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனி தலையில் விழும். மெர்ச்சண்டைசர் பொறுமை இழந்து, ஜி.எம்.மும் குவாலிட்டி செக்கர்களும் நிற்கும்போதே கேட்டுவிடுகிறார்: "கடைசி நாள்ல வந்து நிறுத்தறதுதான் உங்க டிபார்ட்மென்ட் வேலையா?" பதிலும் சூடாக வருகிறது: "ஷேட் அப்ரூவல் வராம துணியைக் கட்டிங்குக்கு விட்டது யாரு?"

நீங்கள்தான் அந்த மெர்ச்சண்டைசர். மீட்டிங் முடிந்துவிட்டது. ஆனால் நாளையும் அதே செக்கிங் டேபிளுக்கு, அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

முதலில் தாளில் இரண்டு வரி

மெயிலைத் திறக்காதீர்கள். ஒரு தாளில், நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடி எழுதுங்கள். அதற்குக் கீழே, வேலை சம்பந்தமாக நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று எழுதுங்கள். நம் உதாரணத்தில் அது, "முழு லாட்டையும் நிறுத்தாமல், ஷேட் ஒத்துப்போகும் பீஸ்களை முதலில் பேக் செய்யலாம்" என்பது.

மேல் வரிக்கு மட்டும்தான் மன்னிப்பு. கீழ் வரியைக் கைவிடத் தேவையில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சமாதான மெயில்கள் சொதப்புகின்றன. சிலர் கருத்தையும் சேர்த்து வாபஸ் வாங்கிவிட்டு, மறுநாள் அதே வாதத்தை மறுபடி எடுக்கிறார்கள். அப்போது முந்தைய மன்னிப்பே பொய்யாகத் தெரிகிறது. சிலர் கருத்தை நிலைநாட்டுகிற வேகத்தில் பேசிய பேச்சுக்கும் நியாயம் சொல்லிவிடுகிறார்கள்.

எப்போது, எதில் அனுப்புவது

அன்று மாலை வேலை முடிவதற்குள், தவறினால் மறுநாள் முதல் மீட்டிங்குக்கு முன். இரவு பதினோரு மணிக்கு அனுப்பினால் அவர் அதைப் படித்துவிட்டுத் தூங்கவும் முடியாது, உங்களிடம் பேசவும் முடியாது.

அவரோடு வழக்கமாக எதில் பேசுவீர்களோ அதுவே போதும். வாட்ஸ்அப்பில் ஒரு தொல்லை: அனுப்பியதை அழித்தாலும், அழித்ததற்கான அடையாளம் அங்கேயே இருக்கும். நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் உங்களுக்குக் கை பரபரக்கும். மெயில் என்றால் புதிதாகத் தொடங்குங்கள். மீட்டிங் குறிப்பு வந்த மெயிலுக்கு ரிப்ளை செய்தால், ஒரு கிளிக் தவறினாலும் எல்லோருக்கும் போய்விடும். பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். யாருக்கும் நகல் வேண்டாம்; ஜி.எம்.முக்கு நகல் போனால், மன்னிப்பே ஜி.எம்.முக்காகக் கேட்டதுபோல் ஆகிவிடும்.

தலைப்பு வரியில் 'மன்னிப்பு' என்று போடாதீர்கள். அவர் யாருக்காவது திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் அறிவிப்பு எட்டிப்பார்க்கும். 'காலை ஷேட் விஷயம்' என்றால் போதும்.

மொழி? சண்டை தமிழில் நடந்ததென்றால் மன்னிப்பும் தமிழில் இருக்கட்டும். தமிழில் கத்திவிட்டு ஆபீஸ் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தால், ஹெச்.ஆர். ஃபைலுக்காக எழுதியதுபோல் இருக்கும்.

எழுதுவது

முதலில், எல்லோருக்கும் தானாக வந்து விழும் வடிவம்:

> சார், காலை மீட்டிங் கொஞ்சம் சூடாகிவிட்டது. என் பேச்சு உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் பையர் பக்கம் எனக்கு எவ்வளவு பிரஷர் என்று உங்களுக்கே தெரியும். இனி ஒரே டீமாக ஒத்துழைப்போம்.

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படிப்பவருக்கு எரிச்சல் வரும். மீட்டிங் தானாகச் சூடாகவில்லை, சூடாக்கியவர் ஒருவர். 'புண்படுத்தியிருந்தால்' என்பதில், புண்பட்டாரா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. 'ஆனால்' வந்ததும் அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் அடிபட்டுப்போகிறது. எப்போது, எங்கே, எதற்காக உட்காரப்போகிறோம் என்று சொல்லாமல் 'ஒத்துழைப்போம்' என்பது வெறும் சடங்கு. தினமும் 'அண்ணா' என்று கூப்பிடுபவரைத் திடீரென்று 'சார்' ஆக்கியதே ஒரு விலகல்தான்.

இப்போது திருத்திய வடிவம்:

> அண்ணா, வணக்கம்.
>
> காலையில, 'கடைசி நாள்ல வந்து நிறுத்தறதுதான் உங்க டிபார்ட்மென்ட் வேலையா'ன்னு கேட்டேன். ஜி.எம். முன்னாடி, உங்க செக்கர்களும் நிக்கிறப்ப அப்படிக் கேட்டது தப்பு. மன்னிச்சிருங்க.
>
> ரிப் ஷேட் மாறியிருக்கிறதை நீங்க இங்கேயே பிடிச்சது நல்லதாப் போச்சு. பையர் பக்கம் போய்த் தெரிஞ்சிருந்தா இதைவிடச் சிக்கல்.
>
> முழு லாட்டையும் நிறுத்த வேண்டாம், ஒத்துப்போற பீஸை முதல்ல பேக் பண்ணலாம்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஷேட் பேண்டை வச்சுக்கிட்டு நேர்ல பார்த்து முடிவு பண்ணலாம். நாளைக்குப் பத்தரைக்கு செக்கிங் டேபிளுக்கு வர்றேன். அந்த நேரம் தோதுப்படலைன்னா சொல்லுங்க.

சொன்ன வாக்கியத்தை அப்படியே திரும்ப எழுதக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள். எதற்கு மன்னிப்பு என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. காயம் கேள்வியில் மட்டும் இல்லை, அவருடைய ஆட்கள் முன்னால் கேட்டதிலும் இருந்தது, அதையும் சொல்லியாயிற்று. பாராட்டு, அவர் அன்று செய்த ஒரு வேலையைப் பற்றியது. 'உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன்' என்று பொதுவாக எழுதினால் ஐஸ் வைப்பதாகவே எடுத்துக்கொள்வார். ஷேட் பேண்ட், அதாவது எந்த ஷேட் வரை ஏற்கலாம் என்று காட்டும் துணி மாதிரிகள், நடுவில் இருந்தால் இருவரும் துணியைத்தான் பார்ப்பீர்கள், பேச்சு ஆள்மேல் திரும்பாது.

அவர் கட்டிங் பற்றிக் கேட்டது இந்த மெயிலில் இல்லவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அப்ரூவல் இல்லாமல் துணி போனது உண்மையா என்பது தனி விசாரணை. இங்கே 'நீங்களும்' என்று தொடங்கும் எந்த வரியும் சண்டையின் இரண்டாம் பாகம்தான்.

அனுப்பும் முன்

அரை மணி நேரம் கிடப்பில் போடுங்கள். பிறகு, அவர் கோபத்தில் இருக்கும்போது வாசிப்பதாக நினைத்து, மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். 'ஆனால்', 'இருந்தாலும்', 'உங்களுக்கே தெரியும்' மூன்றையும் தேடி வெட்டுங்கள். ஃபோன் திரையில் ஒரு முறைக்கு மேல் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தால் நீளம் அதிகம்; பெரும்பாலும் உங்கள் பிரஷரை விளக்கும் பகுதிதான் நீண்டிருக்கும்.

அனுப்பிய பிறகு

மெயிலைப் படித்தவர் ஒருவர்தான். பேச்சைக் கேட்டவர்கள் அந்த அறை முழுக்க. அதனால் அடுத்த மீட்டிங்கில், உட்கார்ந்ததும் ஒரே வரி: "நேத்து குவாலிட்டியைப் பத்தி நான் பேசினது சரியில்லை, ஷேட் விஷயத்தை அண்ணன் கரெக்டாத்தான் பிடிச்சார்." அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். நீட்டினால் அவருக்கும் சங்கடம்.

பதில் 'ஓகே' என்று மட்டும் வரலாம். அதற்கு இன்னும் கோபம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். நிறையப் பேருக்கு இதற்கு என்ன எழுதுவது என்றே தெரியாது. பதிலே வராவிட்டாலும் இரண்டாவது மெயில் வேண்டாம். சொன்னபடி பத்தரைக்குப் போய் நில்லுங்கள். அவர் ஷேட் பேண்டை எடுத்து மேஜையில் வைத்தால் வேலையைப் பேசுங்கள், மன்னிப்பை மறுபடி எடுக்க வேண்டாம். முகம் கொடுக்காமல் வேறு டேபிளுக்குப் போய்விட்டால், "அப்புறம் வர்றேன்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பீஸ் பிரிக்கும் பேச்சை மதியம் அவருடைய சூப்பர்வைசரோடு தொடங்கலாம், அதை அவரிடமும் சொல்லிவிட்டு.